ஸ்டாக் எடுக்கும் நாட்களில் லோரி வேண்டாம்: சப்ளையர்களிடம் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உரம், களைக்கொல்லி, தோட்டச் சாமான், கொஞ்சம் மளிகை என்று எல்லாம் கலந்து விற்கும் ஒரு கடைக்குப் பல வருடமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். டிசம்பர் பிறந்தால் பக்கத்துக் கடைக்காரர்களும், தோட்டத்து ஸ்டோரைப் பார்க்கும் கிராணிகளும் என்னிடம் ஒரே சந்தேகங்களைக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நம்ம கடைக்குள்ள நாம சாமான் எண்ணப்போறோம். அதுக்கு சப்ளையர் லோரி எதுக்கு நிக்கணும்?

எண்ணிக்கொண்டிருக்கும் குவியல் எண்ணி முடிக்கும்வரை அசையக்கூடாது, அதற்காகத்தான். எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு வருடம் டிசம்பர் 31 அன்று காலையிலிருந்து யூரியா மூட்டைகளை எண்ணினோம். ஒரு அடுக்கில் 64 மூட்டை. தரையில் சாக்பீஸால் 64 என்று எழுதி வட்டம் போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போகும்போது ஈப்போவிலிருந்து ஒரு லோரி வந்து நின்றது. 80 மூட்டை. வேண்டாம் என்று சொல்லி வைக்கவில்லை, அது எங்கள் தப்பு. இறக்க வந்தவர்கள் 40 மூட்டையை எண்ணி முடித்த அடுக்கின் மேலேயே போட்டார்கள். மீதி 40ஐ இன்னும் எண்ணாத வரிசையில் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

நாங்கள் எண்ணாத வரிசையை எண்ணினோம், புது 40 அதில் சேர்ந்துகொண்டது. எண்ணி முடித்த அடுக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை, அங்கே ஏறிய 40 விடுபட்டது. இன்வாய்ஸ் ஜனவரி 2 தேதியில் வந்ததால் 80 மூட்டையையும் ஜனவரிக் கொள்முதலாக எழுதிவிட்டேன். மூட்டை 110 வெள்ளி என்று வையுங்கள். வாங்கியதாகக் கணக்கில் இல்லாத 40 மூட்டை வருட முடிவு இருப்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வருட லாபம் 4,400 வெள்ளி பொய்யாக ஏறியது, அடுத்த வருடம் அதே 4,400 இறங்கியது.

பணம் கூடப் பெரிதில்லை. பிப்ரவரியில் யூரியாவை ஒரு தடவை எண்ணிப் பார்த்தபோது புத்தகத்தைவிட 40 மூட்டை குறைந்தது. ஆரம்ப இருப்பில் ஏற்கெனவே 40 இருக்க, மேலே 80 எழுதினால் குறையத்தானே செய்யும்? ஆனால் அது புரிவதற்குள் ஸ்டோர் பையனைச் சந்தேகப்பட்டு நாலு வார்த்தை கேட்டாகிவிட்டது. சரக்கோடு வந்த டெலிவரி ஆர்டர், அதாவது டிஓ, அதன் பழைய நகலில் 31 என்ற தேதியைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

எத்தனை நாள் நிறுத்தச் சொல்லணும்? எண்ணுற அன்னைக்கு மட்டும் போதாதா?

போதாது. எண்ணும் நாளுக்கு முன்னால் ஒரு முழு நாள் காலியாக இருக்க வேண்டும். கடைசியாக வந்த சரக்கைப் பிரித்து அதனதன் இடத்தில் அடுக்க வேண்டும், அதன் டிஓவைப் பார்த்து வரவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இந்த ஒரு நாளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிக்காத பெட்டி வாசலில் கிடந்தால், அதை எண்ணியாயிற்றா இல்லையா என்று மறுநாள் யாருக்கும் தெரியாது.

எண்ணிய பிறகும் கொஞ்ச நேரம் வேண்டும். புத்தகத்துக்கும் எண்ணிக்கைக்கும் இடிக்கிற சாமானை இரண்டாம் தடவை எண்ணுவோம். அதற்குள் புதுச் சரக்கு கலந்துவிட்டால் மறு எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை.

2025 கடைசியில் நாங்கள் போட்ட நாட்கள் இவை. டிசம்பர் 29 திங்கள் மாலை 5 மணிவரை சரக்கு எடுத்தோம். 30 செவ்வாய் அடுக்குவதற்கும் எழுதுவதற்கும். 31 புதன் கடையைச் சாத்திவிட்டு எண்ணினோம். ஜனவரி 1 பேராக்கில் பொது விடுமுறை, கடை திறக்கவில்லை. 2ஆம் தேதி வெள்ளி காலையில் மறு எண்ணிக்கை, பிற்பகல் 3 மணியிலிருந்து லோரி வரலாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து டிரைவர்கள் கிளம்பவே அந்த நேரம் ஆகிவிடும் என்பதால் 3 மணி என்று வைத்ததில் யாருக்கும் நஷ்டமில்லை.

மாதக் கடைசி எங்களுக்கு இன்னொரு வகையிலும் தோது. தோட்டத்தில் முந்தைய மாதச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வரும். வியாபாரம் சூடு பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

எவ்வளவு நாளைக்கு முன்னாடி சொன்னா போதும்?

மூன்று வாரம். டிசம்பர் முதல் வாரம் முடிவதற்குள் கடிதம் போய்விட வேண்டும். அப்புறம் கடைசி ஆர்டர் தேதியையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும். கிறிஸ்மஸ் விடுமுறை இடையில் வருவதால் 22ஆம் தேதிக்குள் ஆர்டர் கொடுத்தால்தான் 29க்குள் சரக்கு வந்து சேரும்.

ஒரு நினைவூட்டலும் வேண்டும். 26ஆம் தேதி வாக்கில் வாட்ஸ்அப்பில் இரண்டே வரி. மூன்று வாரத்துக்கு முன் வந்த கடிதத்தை நானே மறந்துவிடுவேன், அவர்கள் மறப்பதில் என்ன ஆச்சரியம்?

சேல்ஸ்மேன்கிட்ட வாயால சொல்லிட்டேன், அவரும் தலையாட்டினார். அது போதும்தானே?

அவரிடம் மட்டும் சொன்னால் சொல்லாத மாதிரிதான். டிசம்பர் கடைசியில் சேல்ஸ்மேனுக்கு விற்பனை இலக்கு தலைக்கு மேல் நிற்கும். 31ஆம் தேதிக்குள் சரக்கு கிளம்பினால்தான் பல இடங்களில் அது அந்த வருட எண்ணிக்கையில் சேரும். நீங்கள் ஜனவரிக்குக் கேட்ட சரக்கையே 30ஆம் தேதி லோரியில் ஏற்றிவிடுபவரும் உண்டு. ஆளைக் குறை சொல்லவில்லை, அவர் வேலை அப்படி.

அதனால் கடிதம் மூன்று பேருக்குப் போக வேண்டும்: சேல்ஸ்மேன், லோரி அனுப்பும் கிடங்கு அலுவலகம், இன்வாய்ஸ் போடும் கணக்குப் பிரிவு. மூன்றில் முக்கியமானது கிடங்கு. லோரிக்கு எந்தக் கடை, எந்த நாள் என்று பட்டியல் போடுபவர் கண்ணில் தேதி பட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சின்ன சப்ளையராக இருந்தால் முதலாளி தவுக்கே ஒருவரிடம் சொன்னாலே மூன்றும் முடிந்துவிடும்.

கடிதத்துல என்ன எழுதணும்? நீங்க அனுப்புனதைக் காட்டுங்களேன்.

நாங்கள் மலாயில்தான் அனுப்புகிறோம், டிரைவர்வரை எல்லோரும் படிக்க வேண்டுமே. அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"எங்கள் கடையின் வருடாந்திர ஸ்டாக் கணக்கெடுப்பு 2025 டிசம்பர் 31 அன்று நடக்கிறது. டிசம்பர் 29 திங்கள் மாலை 5 மணிக்குப் பிறகு, ஜனவரி 2 வெள்ளி பிற்பகல் 3 மணிவரை சரக்கு எதுவும் பெற இயலாது. 29க்குள் சரக்கு வேண்டுமென்றால் எங்கள் ஆர்டர் டிசம்பர் 22க்குள் உங்களிடம் வந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் வரும் லோரி திருப்பி அனுப்பப்படலாம். இந்தத் தேதிகளில் அனுப்பியே ஆகவேண்டிய சரக்கு இருந்தால் முன்கூட்டியே போனில் பேசுங்கள். டிசம்பர் 29 வரை அனுப்பிய சரக்குக்கு டிசம்பர் தேதியிலேயே இன்வாய்ஸ் போடவும். 31ஆம் தேதிவரையிலான கணக்கு அறிக்கையை ஜனவரி 10க்குள் அனுப்பவும்."

'வருடக் கடைசியில்', 'சில நாட்களுக்கு' என்றெல்லாம் எழுதாதீர்கள். தேதி, கிழமை, மணி மூன்றும் இருக்கட்டும். கிழமை சேர்த்து எழுதினால் தேதியில் விரல் தவறினாலும் படிப்பவருக்கு உடனே இடிக்கும். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் சப்ளையர் புத்தகத்தில் டிசம்பரில் இருப்பது நம் புத்தகத்திலும் டிசம்பரில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

அப்போ 29ஆம் தேதியே எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டிருவாங்களே?

கொட்டுவார்கள். நான் முதல் தடவை இப்படிக் கடிதம் அனுப்பிய வருடம் ஒரே சாயங்காலம் ஐந்து லோரி வரிசையில் நின்றது. அதற்குப் பிறகு பெரிய சப்ளையர்களுக்குத் தனித்தனி நாள் கொடுத்துவிட்டோம். உரம் 23, களைக்கொல்லியும் மருந்தும் 24, இரும்புச் சாமான் 26, மளிகை 29.

இதைவிட நல்ல வழி, டிசம்பர் நடுவிலிருந்தே ஆர்டரைக் குறைப்பது. கையிருப்பு குறைந்தால் எண்ணும் வேலையும் குறையும். ஆனால் பொங்கல் சரக்கைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பானை, வெல்லம் எல்லாம் ஜனவரி இரண்டாம் வாரத்தில் கடையில் இருக்க வேண்டும், அதற்கான ஆர்டரை டிசம்பரிலேயே கொடுத்து 'ஜனவரி 5க்குப் பிறகு அனுப்பவும்' என்று எழுதிவிடுங்கள்.

ரொட்டி, முட்டை, கேஸ் இதையெல்லாம் எப்படி நிறுத்துறது?

நிறுத்த வேண்டாம். ரொட்டி வேனிடம் போய் நாலு நாள் வராதே என்றால் ஊர் சிரிக்கும். விற்காத ரொட்டியை வேன்காரரே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடாக இருந்தால் அது பெரும்பாலும் நம் சரக்கே இல்லை, எண்ணவும் வேண்டாம். விற்றுத்தர மட்டும் வைத்திருக்கும் மற்ற சாமானும் அப்படித்தான். அவற்றின் மேல் ஒரு தாளை ஒட்டி 'நமது அல்ல' என்று எழுதி வையுங்கள், எண்ணுபவர் தாண்டிப் போய்விடுவார்.

முட்டையும் கேஸ் சிலிண்டரும் நம் காசு போட்டு வாங்குவது. இவற்றுக்கு எண்ணும் நாளன்று காலை 7 மணிக்கு முன், அதாவது எண்ண ஆரம்பிப்பதற்கு முன் வரச் சொல்லிவிடுகிறோம். சிலிண்டரில் ஒரு கவனம்: நிறைந்ததும் காலியும் தனித்தனியாக நிற்க வேண்டும். காலியை நிறைந்ததாக எண்ணிய கூத்தும் இங்கே நடந்திருக்கிறது.

தோட்டத்து ஸ்டோர்ல டீசல் நிறுத்தினா டிராக்டர் நின்னுருமே, நாங்க என்ன பண்றது?

டீசலுக்கு விதிவிலக்கு எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அளந்து எழுதுங்கள். செம்பனைப் பழம் நமக்காகக் காத்திருக்காது, வெட்டியதை மில்லுக்கு ஏற்றியே ஆகவேண்டும். டேங்கில் அளவுகோலை விட்டுப் பார்த்து, எத்தனை லிட்டர் என்று நேரத்தோடு எழுதி, கிராணியும் இன்னொருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதற்குப் பிறகு வரும் டேங்கர் அளவும், டிராக்டருக்கு ஊற்றிய அளவும் தனித்தாளில் வரட்டும். வருட முடிவு நள்ளிரவுவரை கூட்டிக் கழித்தால் டிசம்பர் இருப்பு கிடைத்துவிடும்.

எண்ணும் நாளுக்கு முன் டேங்கை நிரப்பிக்கொண்டால் பெரும்பாலும் இந்தச் சிரமமே வராது. ஆனால் உங்கள் அனுமதியில் எவ்வளவு டீசல் வைத்திருக்கலாம் என்று இருக்கிறதோ அதற்குள் நில்லுங்கள்.

சொல்லியும் 31ஆம் தேதி மத்தியானம் லோரி வந்து நிக்குது. திருப்பி அனுப்பவா, இறக்கவா?

முடிந்தால் திருப்பி அனுப்புங்கள். திருப்பும்போது டிஓவில் 'பெறப்படவில்லை', தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் சரக்கு கொடுத்ததாக அவர்கள் புத்தகத்தில் நின்றுவிடும். அதைப் பேசித் தீர்க்க மார்ச் ஆகும்.

டிரைவர் தூரத்திலிருந்து வந்திருக்கிறார், மழையும் பிடித்துக்கொண்டது, மனசு கேட்கவில்லை என்றால் இறக்கலாம். ஆனால் எண்ணும் இடத்துக்குள் ஒரு மூட்டைகூட நுழையக்கூடாது. நாங்கள் முன்தாழ்வாரத்தில் ஒரு பகுதிக்குக் கயிறு கட்டி வைக்கிறோம். அங்கே இறக்கி, டிஓவில் வந்த நேரத்தோடு சாப் அடித்து, குவியலின் மேல் 'கணக்கெடுப்பில் சேர்க்கவில்லை' என்ற அட்டையை வைப்போம்.

அப்படித் தனியா வெச்சா அது அடுத்த வருஷ சரக்குன்னு விட்டுரலாமா?

இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். விட்டுவிட முடியாது. டிசம்பர் 31 அன்று நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிய சரக்கு டிசம்பர் 31 அன்றே உங்களுடையது. அட்டை வைத்தது எண்ணிக்கையில் குழப்பம் வராமலிருக்கத்தான், வருடத்தை மாற்ற அல்ல.

செய்ய வேண்டியது இது. கயிற்றுக்குள் இருப்பதைத் தனித்தாளில் எண்ணி, முதன்மை எண்ணிக்கையோடு கடைசியில் கூட்டுங்கள். அதே மதிப்பைக் கொள்முதலிலும் டிசம்பரிலேயே ஏற்றுங்கள், இன்வாய்ஸ் வரவில்லை என்றாலும் டிஓவை வைத்து 'இன்வாய்ஸ் வரவேண்டியது' என்று எழுதலாம். முதல் பதிலில் சொன்ன 80 மூட்டையையும் நான் இப்படி எழுதியிருக்க வேண்டும். இருப்பில் 8,800, கொள்முதலில் 8,800, லாபத்தில் ஒரு காசு மாற்றமில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால்தான் வினை. சரக்கை ஜனவரியில் வாங்கியிருந்தால் இரண்டுமே ஜனவரியில்.

சரக்கு ஜனவரி 3தான் வந்துச்சு. ஆனா இ-இன்வாய்ஸ் டிசம்பர் 30 தேதி போட்டு வந்துருச்சே?

சரக்கு எப்போது உங்கள் பொறுப்புக்கு வந்தது என்பதுதான் கணக்கு. உங்கள் கடை வாசலில் ஒப்படைப்பதாகப் பேச்சு என்றால் ஜனவரி 3தான். டிசம்பர் இருப்பில் அது இல்லை, டிசம்பர் கொள்முதலிலும் இருக்கக்கூடாது. மென்பொருள் இன்வாய்ஸ் தேதியைப் பார்த்துத் தானாக டிசம்பரில் ஏற்றிவிட்டதா என்று ஒரு கண் பாருங்கள். ஏற்றியிருந்தால் லாபம் முதல் கதைக்கு நேர் எதிராகக் குறைந்து நிற்கும். சப்ளையர் கிடங்கிலிருந்து நீங்களே லோரி அனுப்பி எடுப்பதாக இருந்தால் கதை வேறு: லோரியில் ஏறிய நேரத்திலிருந்து சரக்கு உங்களுடையது, வழியில் இருந்தாலும் டிசம்பர் இருப்புதான்.

விலையோ அளவோ தப்பாக இருந்தால், வருமான வரி வாரியத்தின் முறையில் இ-இன்வாய்ஸ் சரிபார்க்கப்பட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் நிராகரிக்கக் கேட்கலாம். விடுமுறையில் அந்த நேரம் ஓடிப்போய்விடும். தாண்டிவிட்டால் கிரெடிட் நோட்டு போன்றவற்றால்தான் திருத்த முடியும். கடிதத்தில் இன்வாய்ஸ் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னது இந்தத் தொல்லைக்காகவும்தான்.

வர்றது சரி. போறது? எண்ணிட்டு இருக்கும்போது தோட்டத்துல இருந்து ஆள் வந்து களைக்கொல்லி கேட்டா?

அதையும் நிறுத்த வேண்டும். வாடிக்கையாளர் தோட்டங்களுக்கும் இதே தேதிகளைச் சொல்லிவிடுங்கள், கிராணிகள் ஒரு வாரத்துக்கு முன்பே வந்து எடுத்துப் போய்விடுவார்கள். அவசரம் என்றால் இன்னும் எண்ணத் தொடாத டிரம்மிலிருந்து கொடுத்து, பில்லில் நேரம் எழுதி, எண்ணும் தாளிலும் குறியுங்கள்.

பில் போட்டு, பணமும் வாங்கி, 'அப்புறம் எடுத்துக்கிறோம்' என்று தோட்டம் விட்டுவிட்டுப் போன சரக்கைத் தேடிப் பிரித்து வையுங்கள். அதை விற்பனையாக எழுதியாகிவிட்டது. நம் இருப்பிலும் சேர்த்தால் அதே சரக்கை இரண்டு தடவை வைத்திருப்பதாகும்.

ஆடிட்டர் வந்தா இந்தக் கடிதத்தைக் கேப்பாரா?

கேட்டாலும் கேட்கலாம். ஆனால் அவர் நிச்சயம் கேட்பது கடைசி எண்கள். எண்ண ஆரம்பிக்கும்போது வரவுப் புத்தகத்தின் கடைசி எண் என்ன, கடைசி விற்பனை டிஓ எண் என்ன என்று குறித்துக்கொள்வார். பிறகு அந்த எண்ணுக்கு முன்னால் சிலதும் பின்னால் சிலதும் எடுத்து, முன்னால் இருப்பது டிசம்பரிலும் பின்னால் இருப்பது ஜனவரியிலும் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

எங்கள் கடையில் 31ஆம் தேதி காலை எண்ண ஆரம்பிக்கும் முன்பே வரவுப் புத்தகத்தின் கடைசி வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, நானும் முதலாளியும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். கயிற்றுக்குள் சரக்கு இறங்கினால் கோட்டுக்குக் கீழே 'தாமதமாக வந்தது' என்று எழுதுவோம். ஆடிட்டர் அந்த வரிக்குத்தான் முதலில் விரலை வைப்பார். சாப் அடித்த டிஓவை அதே பக்கத்தில் பின் குத்தி வைத்திருங்கள்.